விசிட்டிங் கார்டில் தமிழும் ஆங்கிலமும்: இரண்டுக்கும் 10 பாயிண்ட் வைத்தால் ஏன் சரியாக வராது?

கேள்வி: "மதுரை தெற்கு மாசி வீதி பக்கம் சுங்குடி சேலை மொத்த வியாபாரம் பண்றோம். அப்பா பேர்ல புது விசிட்டிங் கார்டு அடிக்கணும். பேர், பொறுப்பு, அட்ரஸ் எல்லாம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் வேணும். டிசைன் பண்ணின தம்பி ரெண்டுக்கும் 10 பாயிண்ட்தான் வச்சிருக்கேன்னு சொல்றார். ஆனா தமிழ் மட்டும் சின்னதா, நெருக்கமா, கறுப்பா அப்பின மாதிரி தெரியுது. என்ன தப்பு? ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ்னு பிரிச்சுடலாமா?"

அந்தத் தம்பி சொல்வது பொய்யில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரிவதும் பொய்யில்லை. 10 பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் அல்ல, அந்த எழுத்தை வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் உயரம். அந்தப் பெட்டிக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது எழுத்துருவை உருவாக்கியவர் முடிவு. ஆங்கிலத்துக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் இடம் விட்டால் போதும். தமிழுக்கு மேலே புள்ளியும் மேல்விலங்கும் வர வேண்டும், கீழே கு, ரு, மூ இவற்றின் சுழிகளும் வால்களும் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்க வேண்டியிருப்பதால் பல தமிழ் எழுத்துருக்களில், அதிலும் டிடிபி கடைகளில் காலங்காலமாகப் புழங்கும் பழைய எழுத்துருக்களில், எழுத்தின் உடல் சின்னதாகவே இருக்கும். அதனால்தான் எண் ஒன்றாக இருந்தும் அளவு ஒன்றாகத் தெரிவதில்லை.

கறுப்பாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் தொடக்கம். தமிழ் சின்னதாகத் தெரிகிறதே என்று டிசைனர் போல்டு பட்டனை அழுத்துவார். அந்த எழுத்துருவில் உண்மையான போல்டு வடிவம் இல்லையென்றால் மென்பொருள் கோட்டை எல்லாப் பக்கமும் சும்மா தடிப்பாக்கிக் காட்டும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கிவிடும், உள்ளே வெற்றிடம் நிறைய இருக்கிறது. ண, ஷ, ஜ, ஞ போன்ற எழுத்துகளில் அந்தச் சின்னச் சுழிகள் அடைந்துபோகும். அச்சில் மை இன்னும் கொஞ்சம் பரவும். பிறகு அது எழுத்து மாதிரி இருக்காது, சொட்டு மாதிரி இருக்கும். உங்கள் கார்டைப் பார்க்காமல் இதை நூறு சதவீதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். கணினியில் அந்த வரியை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் மூலைகள் எல்லாம் ஒரே மாதிரி உருண்டு, படுக்கைக் கோடும் செங்குத்துக் கோடும் ஒரே அளவில் உப்பி, சுழிகள் அடைத்திருந்தால் அது பொய் போல்டு.

சரி, எப்படிப் பொருத்துவது? பாயிண்ட் எண்ணை மறந்துவிட்டு உயரத்தைப் பாருங்கள். தமிழில் "ப" என்று ஒரு எழுத்தை அடியுங்கள், விலங்கு, சுழி எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஆங்கிலத்தின் சின்ன எழுத்து எக்ஸையும் பெரிய எழுத்து ஹெச்சையும் அடியுங்கள். இரண்டின் தலைக்கும் ஒவ்வொரு படுக்கைக் கோடு இழுங்கள். "ப"வின் தலை இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வரும்வரை தமிழின் அளவைக் கூட்டுங்கள் அல்லது ஆங்கிலத்தின் அளவைக் குறையுங்கள். என் கண்ணுக்கு, ஆங்கிலச் சின்ன எழுத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவும் பெரிய எழுத்தைவிடக் குட்டையாகவும் "ப" நின்றால் இரண்டும் ஒரே குரலில் பேசுகிற மாதிரி இருக்கும். இது கணக்கு இல்லை, கண் அளவு. எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ஒன்றில் தமிழ் 11, ஆங்கிலம் 9 என்று வரும், இன்னொன்றில் இரண்டும் ஒன்றாகவே வரும்.

ஒன்றாகவே வர வேண்டுமென்றால் தமிழும் ஆங்கிலமும் சேர்த்தே வரையப்பட்ட எழுத்துருவை எடுப்பது நல்லது. Hind Madurai, Mukta Malar, Catamaran மூன்றும் அப்படிப்பட்டவை, இலவசமாகவே கிடைக்கின்றன. முதலாவதன் பெயரிலேயே நம்மூர் இருக்கிறது என்பதற்காக அதைச் சொல்லவில்லை, கார்டு அளவுக்கு அது தெளிவாக நிற்கும். மூன்றிலும் மெலிந்தது, சாதாரணம், நடுத்தரம், தடித்தது என்று உண்மையாகவே வரைந்த பல கனங்கள் உண்டு, அதனால் பொய் போல்டுக்கு வேலையே இல்லை. சின்ன அளவில் நான் தமிழை ஆங்கிலத்தைவிட ஒரு படி மெலிதாக வைப்பேன். ஆங்கிலப் பெயர் SemiBold என்றால் தமிழ்ப் பெயர் Medium. தமிழில் ஒரு எழுத்துக்குள் கோடுகள் அதிகம், அதனால் அதே கனத்தில் வைத்தாலும் கூடுதல் கறுப்பாகத் தெரியும். இது என் பழக்கம். வேறு டிசைனர்கள் மாற்றிச் சொல்லலாம், தப்பில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மூர் கார்டுகளில் பாதிக்கு இதுதான் வினை. தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் ஒரே நீளத்துக்கு வர வேண்டும் என்று கோரல்டிராவில் எழுத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்து நீட்டுவது, இல்லை அமுக்குவது. நீட்டினால் செங்குத்துக் கோடு தடிக்கும், படுக்கைக் கோடு அப்படியே இருக்கும். "ப" பார்க்க அகலமான தொட்டி மாதிரி ஆகிவிடும். அமுக்கினால் சுழிகள் நீள்வட்டமாகி அடையும். நீளம் சமமாக வர வேண்டிய அவசியமே இல்லை. இடது ஓரம் ஒரே கோட்டில் ஆரம்பித்தால் போதும், வலது ஓரம் எங்கே முடிந்தாலும் கண் அதைக் கேட்காது. அதேபோல எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அழகு பார்ப்பது ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குச் சரி, தமிழுக்கு வேண்டாம். பல மென்பொருள்களில் கொம்பும் காலும் தன் எழுத்தை விட்டு விலகி நிற்கும். "பா" என்பது "ப", பிறகு யாரோ ஒரு கால் என்று படிக்க வேண்டியிருக்கும்.

இப்போது நெருக்கத்துக்கு வருவோம். இது எழுத்தின் தப்பு அல்ல, கணக்கின் தப்பு. நம் பக்கம் பெரும்பாலும் கார்டு 3.5 அங்குல அகலம், 2 அங்குல உயரம், அதாவது சுமார் 89 க்கு 51 மில்லிமீட்டர். வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகரும், அதனால் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் விட்டால் எழுத மிஞ்சும் உயரம் 43 மில்லிமீட்டர். அது சுமார் 122 பாயிண்ட். நீங்கள் கேட்டபடி எல்லாவற்றையும் இரண்டு மொழியில் வைத்தால்: கடைப்பெயர் 2 வரி, அப்பா பெயர் 2, பொறுப்பு 2, முகவரி மொழிக்கு 2 வீதம் 4, கைபேசி 1, மெயில் 1, ஜிஎஸ்டி எண் 1. மொத்தம் 13 வரி. 122ஐ 13ஆல் வகுத்தால் ஒரு வரிக்கு 9.4 பாயிண்ட். லோகோவுக்கோ மூச்சு விடுவதற்கோ இடம் வைக்காமலே இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுத்தளவின் 120 சதவீதம் வரி உயரம் என்பது சில மென்பொருள்கள் தாமே எடுத்துக்கொள்ளும் அளவு. தமிழுக்கு 135 முதல் 140 சதவீதமாவது வேண்டும். மேல் வரியின் "ரு", "மூ" கீழே இறங்கும்போது கீழ் வரியின் "தி", "த்" மேலே ஏறி வரும், இடம் விடாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். 9.4 பாயிண்ட் வரியில் அந்த இடைவெளியோடு தமிழை வைத்தால் எழுத்து 7 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். அப்பா வயதுக்காரர்கள் கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடியாது.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த வரிக்கு இரண்டு மொழி எழுத்தும் உண்மையிலேயே வேண்டும் என்பது. கைபேசி எண், மெயில், ஜிஎஸ்டி எண் மூன்றும் ஒரே தடவை போதும், யார் கையிலும் அவை ஒன்றுதான். "கைபேசி", "மின்னஞ்சல்" என்று முன்னால் தலைப்பு போடுவதும் தேவையில்லை. பத்து இலக்க எண்ணைப் பார்த்தால் கைபேசி என்று தெரியும், 0452 என்று ஆரம்பித்தால் மதுரை தரைவழி எண் என்று தெரியும், நடுவில் அட் குறி இருந்தால் மெயில். பெயரும் கடைப்பெயரும் இரண்டிலும் வேண்டும். கேரளாவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து சரக்கு எடுப்பவர் தமிழ்ப் பெயரைப் படிக்க மாட்டார், திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்குத் தமிழ்தான் சட்டென்று மனதில் நிற்கும். முகவரியும் இரண்டிலும் இருப்பது நல்லது, ஆனால் அது முன்பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

இங்கேதான் நீங்கள் கேட்ட இரண்டு பக்க யோசனை வருகிறது. மொழி மொழியாகப் பிரிப்பதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இப்போது கார்டை வாங்குகிறவர் பர்ஸில் வைப்பதைவிட போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்புவதுதான் அதிகம். எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதை மட்டும் எடுப்பார். தமிழ்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்றால் எர்ணாகுளத்தில் இருப்பவருக்கு எண்ணைத் தவிர ஒன்றும் புரியாது. கார்டு ஆல்பத்தில் ஒரு உறைக்குள் இரண்டு கார்டை முதுகோடு முதுகாகச் செருகி வைப்பவர்களிடமும் இதே கதைதான். மொழி மொழியாகப் பிரிப்பது பொருந்துகிற இடம் வேறு. கொடுக்கும்போதே எதிரில் இருப்பவர் எந்த எழுத்தைப் படிப்பார் என்று தெரிந்து, அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு அது சரி. கடை மேஜையில் அடுக்கி வைத்துப் போகிறவர் வருகிறவர் எடுத்துக்கொள்ளும் கார்டுக்குச் சரிவராது. நான் உங்களுக்குச் சொல்வது, யார் என்பதும் எண்ணும் முன்பக்கம், எங்கே என்பது பின்பக்கம். இரண்டு பக்கத்திலும் இரண்டு எழுத்தும் இருக்கும்.

ஒரு பெயரை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். பா. கிருஷ்ணமூர்த்தி என்று வைத்துக்கொள்வோம். இதை வேண்டுமென்றுதான் எடுத்தேன். மேலே இரண்டு விலங்கு, மூன்று புள்ளி. கீழே "ரு", "மூ" என்று இரண்டு இறக்கம். நடுவில் "ஷ்", "ண" என்று கனமான எழுத்துகள். இந்தப் பெயர் நன்றாக நின்றால் எந்தப் பெயரும் நிற்கும். முன்பக்கத்தில் மேலிருந்து, கடைப்பெயர் தமிழில் 13 பாயிண்ட், அதற்கு 18 பாயிண்ட் வரி உயரம். அதன் கீழே கடைப்பெயர் ஆங்கிலத்தில் 8, வரி உயரம் 12. பிறகு 14 பாயிண்ட் வெற்றிடம். அடுத்து அப்பா பெயர் தமிழில் 11, வரி உயரம் 15. ஆங்கிலத்தில் 9, வரி உயரம் 12. பொறுப்பு ஒரே வரியில், தமிழும் ஆங்கிலமும் நடுவில் ஒரு சின்ன நிற்கும் கோட்டோடு, 7.5 பாயிண்ட், வரி உயரம் 11. மறுபடி 14 பாயிண்ட் வெற்றிடம். கடைசியில் கைபேசி எண் 10 பாயிண்ட், வரி உயரம் 13. கூட்டிப் பாருங்கள், 109 வரும். நமக்கு இருந்தது 122. மீதி 13 பாயிண்டை மேலேயோ கீழேயோ விட்டுக்கொள்ளலாம், அப்படியே காலியாக இருக்கட்டும், அதில் எதையும் திணிக்க வேண்டாம்.

இந்த அளவுகளில் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்ப் பெயருக்கும் ஆங்கிலப் பெயருக்கும் நடுவில் இருக்கும் இடம், பெயர்த் தொகுதிக்கும் கடைப்பெயருக்கும் நடுவில் இருப்பதைவிடத் தெளிவாகக் குறைவு. அப்போதுதான் "இது ஒரே ஆள், இரண்டு எழுத்தில்" என்று கண் எடுத்துக்கொள்ளும். எல்லா வரிக்கும் ஒரே இடைவெளி விட்டால் இரண்டு பங்குதாரர் பெயர் மாதிரி தெரியும். அச்சுக்கு முன்னால் "ரு"வின் கீழ்ச் சுழியும் "மூ"வின் வாலும் ஆங்கில வரியின் உயரமான எழுத்துகளை, அதாவது கே, ஹெச், டி இவற்றைத் தொடுகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தொட்டால் 1 பாயிண்ட் கூட்டுங்கள். ஆங்கிலப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டாம் என்பதும் என் கருத்து. தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று இல்லை, அதனால் முழுப் பெரிய எழுத்து வரி பக்கத்தில் வந்தால் தமிழ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண் ஆங்கிலத்துக்கே போகும். வேண்டும் என்றே சொன்னால் ஆங்கிலத்தை இன்னும் ஒன்று, ஒன்றரை பாயிண்ட் குறைத்துவிடுங்கள்.

எது மேலே, எது கீழே என்பதற்கு விதி கிடையாது. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி உண்டு, கார்டு பெயர்ப்பலகை அல்ல. ஆனாலும் மதுரையில் கடை வைத்துக்கொண்டு தமிழை மேலே வைப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. போர்டும் கார்டும் ஒரே முகமாக இருப்பதும் நல்லதுதானே.

முதலெழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் "பா." என்று இருப்பது ஆங்கிலத்தில் P ஆகவும் இருக்கலாம், பாலசுப்ரமணியன் என்றால் பான் கார்டில் B ஆகவும் இருக்கலாம். அதேபோல ஆங்கில கே ஒன்றுக்குத் தமிழில் க, கா, கி, கு, கோ எல்லாம் உண்டு. டிசைனர் ஊகித்துப் போட்டால் அப்பாவுடைய அப்பா பெயர் மாறிவிடும். ஆங்கிலப் பெயரின் எழுத்துக்கூட்டலை பான், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு இவற்றில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிக் கொடுங்கள். கார்டைப் பார்த்துத்தான் வெளியூர் வியாபாரி செக்கிலும் பில்லிலும் பெயர் எழுதுவார். முதலெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில் வரி உடையாத இடைவெளி போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் "பா." ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் விழ வாய்ப்புண்டு. பொறுப்பு வரியும் இப்படித்தான். தமிழில் உரிமையாளர் என்றும் ஆங்கிலத்தில் மேனேஜிங் பார்ட்னர் என்றும் போட்டால் கேட்கிறவர் குழம்புவார். தனி உரிமையா கூட்டா என்பது ஜிஎஸ்டி சான்றிதழில் இருக்கும், இரண்டு எழுத்திலும் அதையே சொல்லுங்கள்.

பின்பக்கத்தில் முகவரி. தமிழ் முகவரி இடது பாதி, ஆங்கிலம் வலது பாதி என்று பிரிக்கத் தோன்றும். 81 மில்லிமீட்டரைப் பாதியாக்கினால் ஒரு பக்கத்துக்கு 39 அளவில்தான் நிற்கும், தமிழ் வரிகள் கண்ட இடத்தில் உடையும். ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள், மொழிக்கு இரண்டு வரி. வரியை நீங்களே உடையுங்கள், மென்பொருளிடம் விடாதீர்கள். கதவு எண்ணும் தெருவும் ஒரு வரி, மதுரை 625 001 அடுத்த வரி. "தெற்கு மாசி வீதி" மூன்று சொல்லும் பிரியக் கூடாது. ஆங்கிலத்தில் தெற்கை சவுத் என்று எழுதுவதா, தெற்கு என்றே எழுதுவதா என்று வந்தால், போனில் வரைபடத்தில் தேடினால் எது வருகிறதோ அதைப் போடுங்கள். லாரி ஷெட்காரரும் கூரியர் பையனும் அதைத்தான் தட்டுவார்கள். மெயில், ஜிஎஸ்டி எண், வேண்டுமானால் வரைபடத்துக்கான கியூஆர் குறியீடு எல்லாம் இந்தப் பக்கம் போதும். ஒரு சின்ன விஷயம், "625 001" என்ற எண் தமிழ் வரியிலும் ஆங்கில வரியிலும் வரும். இரண்டு வேறு எழுத்துருக்கள் பயன்படுத்தியிருந்தால் இலக்கங்களின் வடிவமும் உயரமும் இரண்டு வரியிலும் வித்தியாசமாக இருக்கும், யாரோ வெட்டி ஒட்டின மாதிரி. கார்டில் உள்ள எல்லா இலக்கங்களையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.

வண்ணத்தில் ஒன்றே ஒன்று. சுங்குடி என்றதும் அரக்குப் பின்னணி, வெள்ளைப் புள்ளி, அதன் மேல் வெள்ளை எழுத்து என்று டிசைன் வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரக்கு நிறம் அச்சில் மூன்று நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உருவாவது. ஒரு மை துளி நகர்ந்தாலும் வெள்ளையாக விட்ட மெல்லிய கோட்டுக்குள் அது எட்டிப் பார்க்கும். பெரிய எழுத்துக்கு ஒன்றும் ஆகாது, சின்னத் தமிழில் முதலில் போவது புள்ளிதான். "த்" என்பது "த" ஆகிவிடும், கிருஷ்ணமூர்த்தி கிருஷ்ணமூர்ததி ஆகிவிடுவார். போதாக்குறைக்குப் பின்னணியிலேயே சுங்குடிப் புள்ளி இருந்தால் எது எழுத்தின் புள்ளி, எது சேலையின் புள்ளி என்றே தெரியாது. கடைப்பெயரை மட்டும் அரக்குப் பட்டையில் வெள்ளையாக வையுங்கள். மற்ற எல்லாம் வெள்ளைத் தாளில் தனிக் கறுப்பு மையில் இருக்கட்டும். கோல்டு ஃபாயில் ஆசை இருந்தால் அதையும் கடைப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சின்ன எழுத்தில் ஃபாயில் சுழிகளை அடைத்துவிடும்.

கடைசியாக, கணினியில் சரியாக இருந்தது அச்சகத்தில் உடைவது பற்றி. இங்கே நிறைய கார்டுகள் மதுரையில் டிசைன் ஆகி சிவகாசியில் அச்சாகின்றன, ஃபைல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. பழைய பாமினி வகை எழுத்துருக்களில் தமிழ் என்பது ஆங்கில விசைகளுக்கு மேல் போட்ட வேஷம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மதுரை என்பது `kJiu` என்று நிற்கும். யூனிகோடில் அந்தப் பிரச்சினை இல்லை, வேறு ஒன்று உண்டு. இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாத பழைய கோரல்டிராவில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" மூன்று துண்டாகும், கடைப்பெயரின் முன்னால் இருக்கும் "ஸ்ரீ" பிரிந்து போகும். இன்டிசைனில் இதே மாதிரி உடைந்தால் பத்தி அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படி அடித்தாலும் அச்சுக்குப் போகும்முன் எல்லா எழுத்தையும் கர்வ்ஸ் பண்ணிவிடுவது (கோரல்டிராவில் `Ctrl+Q`) பாதுகாப்பு. அதற்குப் பிறகு அது எழுத்து அல்ல, படம், யார் கணினியிலும் மாறாது. ஆனால் கர்வ்ஸ் பண்ணினபின் எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால் அதற்கு முந்தைய ஃபைலைத் தனியாகச் சேமித்து ஒரு பிரதி நீங்களும் வாங்கி வையுங்கள். எண் மாறினால் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டாம்.

கர்வ்ஸ் ஃபைலை அனுப்புமுன் சாதாரண லேசர் பிரிண்டரில் நூறு சதவீத அளவில் அச்செடுத்து, கார்டு அளவுக்கு வெட்டி அப்பா கையில் கொடுங்கள். கண்ணாடி போடாமல், கடை டியூப்லைட் வெளிச்சத்தில், கையை நீட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பொறுப்பு வரியைப் படிக்கத் திணறினால் 7.5ஐ 8 ஆக்குங்கள். பிறகு அதே தாளைப் போனில் படம் எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்த படத்தைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் அதில் தெரிகிறதா என்று விரலை வைத்து எண்ணுங்கள். இந்தப் பெயருக்கு மூன்று, "ஷ்", "ர்", "த்". முதலெழுத்துக்குப் பின்னால் வரும் முற்றுப்புள்ளி கணக்கில் சேராது.